ஆயாவுக்குச் சாதி உண்டு, மிராசுதாருக்குக் கிடையாதா?

ஒலிப்பதிவு 47 நிமிடம். அதற்கு முன்னால் ஓட வேண்டிய அறிமுகம் ஒன்றரை நிமிடம். 47 நிமிடமும் ஆயா பேசுகிறார். அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் நான் பேசுகிறேன். ஆனால் கேட்பவர் முதலில் கேட்பது என்னைத்தான். இந்தக் கிழவியை நம்பலாமா, பாவப்படலாமா, சந்தேகப்படலாமா என்பதை ஆயா வாய் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிடுகிறேன்.

கீழத்தஞ்சையின் விவசாயக் கூலிகள் பற்றி ஆய்வு செய்கிறேன். அதற்காக ஓர் ஊரில் எண்பது வயதைத் தொட்ட ஒரு தலித் பெண்ணின் நினைவுகளைப் பதிவு செய்தேன். பதிவை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதற்காக நான் எழுதிய முதல் அறிமுகம் இது:

“தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தலித் மூதாட்டி. வயது சுமார் 80. பண்ணையடிமை முறையால் பாதிக்கப்பட்டவர். தன் தந்தைக்குச் சாணிப்பால் கொடுக்கப்பட்டதாகக் கூறுகிறார். ஆண்டுகளைக் குறிப்பிடுவதில் சில பிழைகள் உள்ளன.”

படிக்க நடுநிலையாகத்தான் இருக்கிறது. அதில்தான் கோளாறே.

அதே காப்பகத்தில் முன்னாள் நிலவுடைமையாளர் ஒருவரின் பதிவும் இருக்கிறது. அவருக்கான அறிமுகம் “வேளாண்மையில் நீண்ட அனுபவம் கொண்டவர்” என்று தொடங்குகிறது. சாதி இல்லை. அவர் சாதி இல்லாமல் பிறந்தாரா? ஆயாவின் சாதியைச் சொல்லிவிட்டு அவர் சாதியை விழுங்கினால், ஆயா பேசுவது ‘சாதி அனுபவம்’ ஆகிறது, அவர் பேசுவது ‘வரலாறு’ ஆகிறது. ஆயாவின் சாதியை எடுத்துவிடுவது இதற்குத் தீர்வு ஆகாது. சாதியைச் சொல்லாமல் அந்த 47 நிமிடத்தில் ஒரு வரி கூடப் புரியாது. அவருடையதையும் சொல்ல வேண்டும், கேள்வி கேட்டவனுடையதையும் சொல்ல வேண்டும். நான் நிலமுள்ள இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயா என்னிடம் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. கேட்பவருக்கு அது தெரிய வேண்டாமா?

அடுத்தது, “கொடுக்கப்பட்டதாகக் கூறுகிறார்”. கொடுத்தது யார்? ஆயா மழுப்பவில்லை. “காரியக்காரன் கட்டிவச்சு அடிச்சான். சாணியக் கரச்சு வாயில ஊத்துனான்” என்கிறார். அடித்தவனும் ஊற்றியவனும் அவர் வாக்கியத்தில் இருக்கிறார்கள். என் வாக்கியத்தில் காணாமல் போய்விட்டார்கள். செயப்பாட்டுவினை செய்தவனைத் தப்ப வைக்கும். “கூறுகிறார்” என்பது சந்தேகத்தை ஒட்டவைக்கும். பதிவில் இருப்பது எல்லாமே அவர் கூறுவதுதானே! இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அந்த ஒட்டு?

மூன்றாவதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் எப்போது நின்றன என்று கேட்டபோது, “புயலடிச்ச வருசம், கொடி ஏத்துனப்பறம்” என்றார் ஆயா. நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது 1952 நவம்பரில். செங்கொடிச் சங்கம் இந்தத் தண்டனைகளுக்கு எதிராகப் போராடி மிராசுதார்களை ஒப்பந்தத்துக்கு இழுத்ததோ 1940களின் நடுவில். ஆகவே ஆயா தவறாகச் சொல்கிறார் என்று எழுதிவிட்டேன்.

பதிவை மறுபடி கேட்டேன். அப்பாவை அடித்த அன்று தம்பியை இடுப்பில் வைத்திருந்ததாகச் சொல்கிறார். பண்ணை மாடு மேய்க்கத் தொடங்கியிருந்ததாகவும் சொல்கிறார். அவருடைய வயதைக் கணக்கிட்டால், 1944இல் அவரே இடுப்புக் குழந்தை. மாடு மேய்க்கும் வயது என்றால் 1950ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். அப்படியானால் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில ஆண்டுகள் கழித்தும் அந்த ஊரில் சாணிப்பால் ஊற்றியிருக்கிறார்கள். தாளில் ஒழிந்தது தெருவில் ஒழியவில்லை. ‘பிழை’ என்று நான் குறித்த இடத்தில்தான் எந்த ஆவணத்திலும் நான் காணாத செய்தி இருந்தது. இயக்கத்தின் வெற்றித் தேதியைக் காப்பாற்றப் போய் ஆயாவின் சாட்சியத்தை அடிக்கவிருந்தேன்.

நினைவு எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு சம்பவங்கள் ஒன்றாகக் கலக்கும். இத்தாலியில் தெர்னி நகரத்து எஃகுத் தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லி 1949இல் போலீசால் கொல்லப்பட்டார். பின்னாளில் தொழிலாளர்கள் பலர் அந்தச் சாவை 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்தில் வைத்துச் சொன்னார்கள். அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி அந்த மாற்றத்தைத் தூக்கி எறியவில்லை. பதிலடி கொடுக்காமல் விட்ட ஒரு சாவை மக்கள் ஏன் பெரிய போராட்டத்தோடு சேர்த்தார்கள் என்று கேட்டார். ஆகவே தேதி முரண்பட்டால் அறிமுகம் இரண்டையும் சொல்லிவிட்டு விலக வேண்டும். தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னொன்று. 12ஆவது நிமிடத்தில் ஆயாவின் குரல் திடீரெனத் தாழ்கிறது. ஒலிவாங்கிக் கோளாறு என்று நினைத்து, மென்பொருளில் அந்தப் பகுதியின் ஒலியைக் கூட்டிச் சமப்படுத்திவிட்டேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது பழைய பண்ணை வீட்டுக்காரர் ஒருவர் தெருவில் போனார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் குரல் தாழ்கிறது! அதை நான் ‘சரிசெய்து’ வைத்திருந்தேன். கூட்டிய ஒலியைப் பழையபடி இறக்கினேன். கேட்பவர் கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்வதுதான் அறிமுகத்தின் வேலை. ஆயா தானே சொல்லப்போகும் கதையை நாம் முன்கூட்டிச் சுருக்கிச் சொல்வது அதன் வேலை இல்லை.

திருத்தி எழுதியதை ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். “பாதிக்கப்பட்டவர்” அப்போதும் அதில் இருந்தது. “ஏன் தம்பி, நா அடிபட்டது மட்டுந்தான் எழுதுவியா? நடவுக்கு நாந்தானே முன்னத்தி ஆளு, அத எழுதல?” என்றார். எழுதினேன். இப்போது ஓடுவது இதுதான்:

“நீங்கள் கேட்கப்போகிறவர் நாற்பது ஆண்டுகள் நடவு வரிசைக்கு முன்னால் நின்றவர். கீழத்தஞ்சையின் சேரி ஒன்றில் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் பண்ணையாட்கள். கேள்வி கேட்பவர் நிலமுள்ள சாதியில் பிறந்த ஆய்வு மாணவர். பதிவு அவர் வீட்டுத் திண்ணையில் நடந்தது. 12ஆவது நிமிடத்தில் பண்ணை வீட்டார் ஒருவர் தெருவில் போகிறார். அங்கே குரல் தாழும், நாங்கள் அதைத் திருத்தவில்லை. காரியக்காரர் என்பவர் மிராசுதாருக்காகப் பண்ணையை நடத்தியவர். சாணிப்பால் என்பது சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த தண்டனை. அது 1952 புயலுக்குப் பின் நின்றது என்கிறார் இவர். ஒப்பந்தங்கள் 1940களின் நடுவிலேயே ஏற்பட்டன. இரண்டையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.”

வேகமில்லாமல் வாசித்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது. காதால் கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க மாட்டார். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறது.

காப்பகத்திலிருந்து ஒரே ஒரு ஆட்சேபம் வந்தது. கேள்வி கேட்டவரின் சாதி ‘தேவையற்றது’ என்றார்கள். அப்படியானால் ஆயாவின் சாதியும் தேவையற்றதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

தோழர்களே, உங்கள் கைப்பேசியிலும் ஒரு பாட்டியின் குரல் இருக்கும். அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளை எடுத்துப் பாருங்கள். அடித்தவன் அதில் இருக்கிறானா? நீங்கள் இருக்கிறீர்களா?