யாருடைய அலைவரிசை?

"என் வீடு, என் கருவி, பிறருக்கு என்ன?" என்பது சிக்னல் பூஸ்டர் வாங்குவோரின் வாதம். இயற்பியல் இதை ஏற்பதில்லை.

பூஸ்டரின் வெளி ஆன்டெனா கோபுரத்தின் அலையை வாங்கும்; பெருக்கி வலுவூட்டும்; உள் ஆன்டெனா அதை அறைக்குள் பரப்பும். கைபேசியின் அலை இதே வழியில் கோபுரத்துக்குத் திரும்பும். பெருக்கம் 70 டெசிபல் எனில், திறன் ஒரு கோடி மடங்காகிறது. இரு ஆன்டெனாக்களும் அருகருகே இருந்து, இடையிலான இழப்பு 60 டெசிபல் மட்டுமே எனில், கசியும் அலை பத்து லட்சத்தில் ஒரு பங்காகவே குறையும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அலை பத்து மடங்காகிறது. ஒலிபெருக்கியின் முன் மைக்கை நீட்டினால் எழும் ஊளை போன்றதே இது. ஆயின் இது காதில் விழாது. கோபுரத்தின் ஏற்பியில் இரைச்சலாக நிறையும்.

தொலைவிலுள்ள கைபேசிகளின் மெல்லிய அலைகள் அதில் மூழ்கும். அவை திறனைக் கூட்டிப் போராடும், மின்கலம் தீரும், அழைப்புகள் அறும். கருவியை நிறுத்தியதும் அண்டை வீடுகளின் தொல்லை நீங்கினால், குற்றவாளி அதுவே.

அந்த இழப்பு பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபல் மிகுந்திருக்க வேண்டும் என்பது பொறியியல் நடைமுறை. அதை அளக்காமல் மொட்டைமாடியில் ஆணியடித்து மாட்டுவோருக்கு இது தெரியாது, விற்போர் சொல்வதுமில்லை. இந்தியாவில் உரிமமின்றித் தனியார் இதை நிறுவுவது சட்டவிரோதம். வீட்டில் அகலக்கற்றை இருப்பவருக்கு வைஃபை அழைப்பு உண்டு. ஒரு வீட்டின் முழுக் கோடுகளுக்கு ஊரே விலை கொடுப்பது எவ்வகை உரிமை?