தண்ணீர் பாட்டிலில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருந்தால் போதுமா? ஒரு போட்டோவை வைத்து செக் செய்வது எப்படி?

2024-ல் உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஆய்வுக்குப் போன கலெக்டருக்கும் எஸ்.பி-க்கும் ஒரு போலீஸ் சாவடியில் குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பச்சை லேபிள், பழகிய எழுத்து. உற்றுப் பார்த்தால் ‘பிஸ்லேரி’ இல்லை, ‘பில்சேரி’. அந்தப் பாட்டில் வந்த கடையைத் தேடிப் போய், அங்கிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களைப் பறிமுதல் செய்து புல்டோசர் ஏற்றி அழித்தார்கள். அதிகாரிகளுக்கே பாட்டிலைக் கையில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால், பஸ் ஸ்டாண்டில் அவசரமாக வாங்கும் நமக்கு எப்படித் தெரியும்?

கையில் போன் இருக்கிறதே, போட்டோ எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் போச்சு என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. படத்தை வைத்துத் தேடும்போது நிறம், லோகோ, எழுத்தின் வடிவம் ஆகியவற்றைத்தான் அது ஒப்பிடும். போலி பாட்டில் காப்பியடிப்பதும் அதே மூன்றைத்தான். அதனால் போலியைக் காட்டினால்கூட ஒரிஜினல் பிராண்டின் பக்கம்தான் வந்து நிற்கும். போட்டோவில் இருந்து நமக்கு வேண்டியது பிராண்ட் பெயர் அல்ல. லேபிளில் இருக்கும் எண்கள்.

எனவே ஒரு போட்டோ போதாது, மூன்று வேண்டும். முன்பக்க லேபிள், உரிம எண்கள் இருக்கும் பின்பக்கம், தேதி அச்சிட்ட இடம். தேதி பெரும்பாலும் பாட்டிலின் கழுத்திலோ மூடியிலோ சின்னச் சின்ன மைப் புள்ளிகளாக இருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கில் அது போட்டோவில் சரியாகவே விழாது. பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் இருந்து அடித்துப் பாருங்கள், தெளிவாக விழும். அப்படியும் 8, 3, 0 மூன்றும் ஒன்றுபோலவே தெரியலாம். போனே எழுத்தைப் பிரித்துக் கொடுத்தாலும், ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என்றால், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, முதலில் காணாமல் போவது இந்தப் பொடி எழுத்துகள்தான்.

முத்திரை சொல்வது என்ன?

ஐ.எஸ்.ஐ முத்திரை வெறும் படம் கிடையாது. அதற்கு மேலே ஒரு தர எண், கீழே ஒரு உரிம எண் இருக்க வேண்டும். நாம் அன்றாடம் வாங்கும் சுத்திகரித்த குடிநீருக்கு மேலே IS 14543 என்று இருக்கும். ஊற்று போன்ற இயற்கை மூலத்தில் இருந்து எடுத்து அடைக்கும் மினரல் வாட்டருக்கு IS 13428. லேபிளில் பெரிதாக ‘மினரல்’ என்று போட்டுவிட்டு, முத்திரைக்கு மேலே 14543 இருந்தால், அது தாது சேர்த்த சாதாரண குடிநீராக இருக்கலாம். இயற்கை மினரல் வாட்டர் அல்ல.

கீழே CM/L என்று தொடங்கும் எண்தான் முக்கியம். பி.ஐ.எஸ் அமைப்பின் BIS Care ஆப்பைத் திறந்து, Verify Licence Details பகுதியில் அதை டைப் செய்தால், உரிமம் யாருடையது, எந்த முகவரி, எந்தத் தர எண்ணுக்கு, இப்போது செல்லுபடி ஆகிறதா என்ற விவரங்கள் வரும். ‘எண் இருக்கு, ஓகே’ என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. வேறொரு ஆலையின் நிஜமான எண்ணை அப்படியே அச்சிட்டுக்கொள்வது ரொம்ப சுலபம். ஆப்பில் வரும் நிறுவனப் பெயரும் ஊரும், லேபிளில் ‘தயாரிப்பு’ என்ற இடத்தில் இருக்கும் பெயரும் ஊரும் ஒத்துப்போக வேண்டும். ஒரே பிராண்டுக்கு பல ஊர்களில் ஆலை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் என்பதால் விற்பனை செய்யும் கம்பெனியின் பெயரை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும்.

முத்திரையே இல்லாவிட்டால் போலியா? பலரும் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2024 அக்டோபர் வரை அது சரி. அந்த மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, பாட்டில் குடிநீருக்கு பி.ஐ.எஸ் சான்று கட்டாயம் என்ற விதியை நீக்கியது. அடுத்த மாதமே, ‘அதிக ஆபத்து’ உணவுப் பட்டியலில் குடிநீரைச் சேர்த்து, வருடாந்தர ஆய்வுக்கும் தணிக்கைக்கும் கீழ் கொண்டுவந்தது. ஆக, முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பாட்டிலைப் போலி என்று சொல்லிவிட முடியாது. உரிமம் இல்லாமல் முத்திரையைப் போட்டுக்கொள்வது அப்போதும் இப்போதும் குற்றம்தான்.

இதனால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணுக்கு மவுசு கூடிவிட்டது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதாவது 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் கொடுத்த உரிமம், 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம். foscos.fssai.gov.in தளத்தின் FBO Search பகுதியில் போட்டுப் பார்க்கலாம். கூல் டிரிங்க்ஸ், ஜூஸ் பாட்டிலுக்கும் இதுதான் வழி. அவற்றில் ஐ.எஸ்.ஐ-யைத் தேடி ஏமாற வேண்டாம்.

தேதியில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
B.No 047A  PKD 16/05/25
```

லேபிளில் ‘பேக் செய்த நாளில் இருந்து ஆறு மாதம்’. இந்தியாவில் நாள்தான் முதலில், பிறகு மாதம். ஆக மே 16-ல் அடைத்தது, நவம்பர் நடுப்பகுதி வரை தாங்கும். இதில் என்ன தப்பு? பேட்ச் எண்ணைப் பாருங்கள். பல ஆலைகள் அதில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைப் போடும். 47-வது நாள் பிப்ரவரி 16. மே 16 என்றால் 136 வந்திருக்க வேண்டும். நாளும் 16 என்றே பொருந்தி, மாதம் மட்டும் மாறியிருப்பது சந்தேகத்தைக் கிளப்புகிறது. பழைய ஸ்டாக்கில் மாதத்தை மட்டும் அழித்து மாற்றினார்களா?

உடனே போட்டோவை குரூப்பில் போட்டு ‘போலி’ என்று பரப்பிவிட வேண்டாம். எல்லா ஆலையும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. 047 என்பது வெறும் வரிசை எண்ணாகவும் இருக்கலாம். அதே கேஸில் இருந்து இன்னும் நாலு பாட்டிலைப் பாருங்கள். வேறு தேதி போட்ட பாட்டில்கள் கிடைத்து, அவற்றில் பேட்ச் எண்ணும் நாள் கணக்கும் ஒத்துப்போனால், நம் பாட்டில்தான் வில்லங்கம். தேதிக்குக் கீழே ஆல்கஹால் வைத்துத் துடைத்த மாதிரி மங்கல் இருக்கிறதா, ஒரே வரியில் எழுத்தின் அளவு மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் போட்டோவுக்கு ஓர் எல்லை உண்டு. நிஜமான லேபிளோடு இருக்கும் காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி விற்றால், ஆப்பில் எல்லாமே பச்சையாகத்தான் வரும். அதைக் காட்டிக்கொடுப்பது மூடியின் கீழ் வளையம்தான். முதல் திருகலில் அது ‘டக்’கென்று உடைய வேண்டும். ஏற்கெனவே உடைந்திருந்தாலோ, வளையம் தளர்வாகச் சுற்றினாலோ குடிக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் இது இன்னும் சிக்கல். கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுவது. அதன் உடம்பில் இருக்கும் பழைய ஸ்டிக்கர் இந்த முறை நிரப்பிய தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. தேதியும் பேட்ச் எண்ணும் மூடியிலோ அதன் மேல் சுற்றிய சீலிலோ புதிதாக இருக்கிறதா என்று, கேன் போடும் அண்ணன் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் உறுதியானால், பாட்டிலைத் தூக்கிப் போடாமல், பில் இருந்தால் அதையும் சேர்த்து, அந்த மூன்று போட்டோக்களை தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். கடையின் பெயர், இடம், வாங்கிய தேதியையும் எழுதுங்கள். ஐ.எஸ்.ஐ முத்திரையில்தான் மோசடி என்றால், BIS Care ஆப்பிலேயே புகார் கொடுக்க வசதி இருக்கிறது.