மாதக் கணக்கா, போகக் கணக்கா?

மாரி மழை தொடங்கியதும் நமது கிழக்கு மாகாணத்துச் செங்கல் சூளைகளில் வேலை நின்றுவிடும். அச்சில் போட்ட பச்சைக்கல் காயாது. மழை பட்டால் கரைந்தும் போகும். வயல் கூலியாளுக்கோ அதே மழைதான் விதைப்பு வேலையைக் கொண்டுவருகிறது. ஆனால் விதைப்பும் களைபிடுங்கலும் முடிந்தால் அறுவடை வரை பெரிதாக வேலை இல்லை. அறுவடையையும் இப்போது பெரும்பாலும் இயந்திரமே செய்துவிடுகிறது.

இவர்களிடம், “முதுமைக்காக மாதம் தவறாமல் பணம் கட்டுங்கள்” என்று சொல்வது மாதச் சம்பளக்காரருக்குரிய அறிவுரை. வேலையில்லாத மாதத்தில் கட்டுவதற்குக் கடன்தான் வாங்க வேண்டும். உழைத்த நாளில் தவறாமல் ஒதுக்குவதே இவர்களுக்குரிய ஒழுங்கு என்பது என் கருத்து.

முதலில் சூளைத் தொழிலாளியைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தற்காலிகமாக வேலை செய்பவரும், கல்லை எண்ணிக் கூலி வாங்குபவரும் அதற்குள் அடங்குவர். தொழிலாளியின் உழைப்பில் நூற்றுக்கு 8 பிடிக்கப்பட வேண்டும். முதலாளி தன் பங்காக 12 சேர்க்க வேண்டும். இரண்டையும் நிதிக்கு அனுப்புவது முதலாளியின் கடமை. கூலி இல்லாத மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. முன்னர் சேர்ந்த பணம் கணக்கில் வட்டியுடன் இருக்கும்.

ஒருவர் ஆண்டில் 6 மாதங்கள் சூளையில் வேலை செய்து, மாதம் 40,000 ரூபாய் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பங்கு 3,200, முதலாளியின் பங்கு 4,800. மாதம் 8,000 ரூபாய். அந்த 6 மாதங்களில் 48,000 சேரும். இப்படிப் பத்து ஆண்டுகள் உழைத்தால், வட்டியைச் சேர்க்காமலே 480,000 ரூபாய். மீதி 6 மாதங்கள் சும்மா இருந்தது இந்தக் கணக்கைக் கெடுக்கவில்லை.

கணக்கைக் கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று முன்பணம். மழைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கிய முன்பணத்தை அடுத்த பருவக் கூலியில் கழிப்பார்கள். கழித்து மிஞ்சிய கைக்காசுக்கு மட்டும் 8உம் 12உம் பார்த்தால் தொழிலாளி ஏமாற்றப்படுகிறார். 40,000 உழைத்து 15,000 முன்பணத்துக்குக் கழிந்தாலும், பங்களிப்பு 40,000இற்கே பார்க்கப்பட வேண்டும்.

மற்றது பெயர். கணவன் கல் அறுக்க, மனைவி சுமந்து அடுக்குகிறாள். எண்ணிக்கையோ கணவன் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது. அப்படியானால் அவளுடைய உழைப்புக்கு எந்தக் கணக்கும் இல்லை. இருவரும் தனித்தனியாக அங்கத்தவர் இலக்கம் கேட்க வேண்டும். இலக்கம் தராமல் கூலியில் பணம் பிடிக்கப்பட்டால், அது நிதிக்குப் போகிறதா என்று சந்தேகிக்கவே வேண்டும். அத்தகைய முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

வயல் கூலியாளின் நிலை வேறு. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று போகிறவருக்கு யார் 12 கட்டுவார்? நடைமுறையில் ஒருவரும் கட்டுவதில்லை. இவர்கள் தாமாகவே சேரக்கூடிய ஓய்வூதியத் திட்டங்களை இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: அறுவடைக்குப் பின் ஆண்டுக்கு இரு தடவை கட்டலாமா? ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்?

ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். மாதம் 500 என்றால் வேலையற்ற மாதங்களில் முடியாது. ஆண்டில் 100 நாட்கள் வேலை கிடைக்கிறது என்றால், வேலை செய்த ஒவ்வொரு நாளும் 60 ரூபாய் ஒதுக்கினால் போதும். பெரும்போகம் முடிய ஒரு தடவை, சிறுபோகம் முடிய ஒரு தடவை என்று கட்டிவிடலாம். வெள்ளம் வந்து போகம் அழிந்தால் இந்தத் திட்டமும் தடுமாறும் என்பது உண்மை. அதனால்தான் இயலக்கூடிய மிகச் சிறிய தொகையில் தொடங்க வேண்டும் என்கிறேன்.

இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரு கொப்பி. திகதி, யாருடைய வேலை, எத்தனை கல் அல்லது எத்தனை நாள், கிடைத்த கூலி, கழித்த முன்பணம், ஒதுக்கிய பணம் என்று ஆறு நிரல்கள் போதும். தொழில் அலுவலகத்தில் வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பிக்குப் பலம் அதிகம். வாப்பாவோ உம்மாவோ சூளைக்கும் வயலுக்கும் போகும் வீடுகளிலிருந்து நம் வகுப்புகளுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். கணக்கீடு படிக்கும் பிள்ளைகள் நாம். மாலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அந்தக் கொப்பியை எழுதிக் கொடுப்பது நம்மால் முடிந்த வேலைதான்.