கூட்டலில் சேராத கடன்கள்

ஒரு கம்பெனியில் பங்கு வாங்க நினைக்கும் குடும்பஸ்தர், அதன் ஆண்டறிக்கையைப் பிரித்ததும் ஐந்தொகையைத்தான் தேடுகிறார். ஆஸ்திகள் ஒரு பக்கம், பொறுப்புகள் ஒரு பக்கம். இரண்டின் கூட்டலும் ஒத்துப் போகின்றன. அதைக் கண்டு திருப்தியடைந்து அறிக்கையை மூடி விடுகிறார். ஆனால் அந்தக் கூட்டலில் ஏறாத சில கடன்கள், பல பக்கங்கள் தள்ளி, குறிப்புகள் என்னும் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கண்டு பிடிப்பது எப்படி என்பதையே இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, 'கண்டிஞ்ஜெண்ட் லயபிலிட்டீஸ் அண்டு கமிட்மெண்ட்ஸ்' என்ற தலைப்பில் இவற்றைக் குறிப்பாகக் காட்டியாக வேண்டும். முன்னதை நேரக்கூடிய பொறுப்பு என்றும், பின்னதை ஒப்புக் கொண்ட செலவு என்றும் நாம் சொல்லலாம். கம்பெனி கடனென்று ஒப்புக் கொள்ளாத வழக்குகளும் வரிக் கோரிக்கைகளும், பிறருக்காகக் கொடுத்த ஜாமீன்களும் முதல் வகை. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒப்பந்தம் செய்து, இன்னும் நிறைவேறாமல் நிற்கும் தொகை இரண்டாம் வகை.

இவை ஏன் கூட்டலில் ஏறவில்லை? பணம் கொடுக்க நேரிடும் என்பதே அதிக சாத்தியமாகவும், தொகையை மதிப்பிடக் கூடியதாகவும் இருந்தால், அதற்கு இப்போதே ஒதுக்கீடு செய்து ஐந்தொகையில் சேர்க்க வேண்டும். நேரலாம், நேராமலும் போகலாம் என்றால் குறிப்பு மட்டும் போதும். நேருவது வெகு அபூர்வம் என்றால் குறிப்புக் கூடத் தேவையில்லை. எது எந்த வகை என்று முதலில் தீர்மானிப்பவர் கம்பெனியின் நிர்வாகிகளே என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு கம்பெனியின் மூலதனமும் சேமநிதியும் சேர்ந்து 200 கோடி ரூபாய். கையிருப்பு 40 கோடி. குறிப்பில் மூன்று வரிகள் காணப்படுகின்றன: தகராறிலுள்ள வருமான வரி 30 கோடி, துணைக் கம்பெனியின் பாங்குக் கடனுக்கு ஜாமீன் 90 கோடி, இயந்திர ஒப்பந்தங்களில் பாக்கி 120 கோடி. மூன்றையும் கூட்டி 240 கோடி கடன் என்று பயந்து விடுவது தவறு. ஒவ்வொன்றின் குணமும் வேறு.

வரித் தகராறில், கம்பெனி ஆட்சேபத்துடன் ஏற்கெனவே 6 கோடி கட்டியிருக்கலாம். அது திரும்பி வரவேண்டிய பணமாக ஆஸ்திப் பக்கத்தில் இருக்கும். வழக்குத் தோற்றால் புதிதாகக் கட்ட வேண்டியது 24 கோடிதான். ஆனால் அந்த 6 கோடி ஆஸ்தியும் மறைந்து போகும்.

ஜாமீன் விஷயத்தில், துணைக் கம்பெனியின் கணக்கைப் பார்த்தாலொழிய ஒன்றும் சொல்ல முடியாது. அது நஷ்டத்தில் தன் மூலதனத்தையே தின்று விட்டிருந்தால், 90 கோடியையும் கடனாகவே பாவிக்க வேண்டும். வரியும் ஜாமீனும் இரண்டுமே பாதகமானால் 200 கோடி 80 கோடியாகச் சுருங்கும். ஒன்று கவனிக்க: குழுமத்தின் ஒன்றுசேர்ந்த ஐந்தொகையில் துணைக் கம்பெனியின் கடன் முன்பே சேர்ந்திருப்பதால், அந்த ஜாமீன் அங்கே குறிப்பில் வராது. அதை அங்கும் கூட்டினால் ஒரே கடனை இருமுறை எண்ணியவர்களாவோம்.

இயந்திர ஒப்பந்தமோ நஷ்டமன்று; பணத்துக்கு ஈடாக இயந்திரம் வந்து சேரும். ஆனால் 40 கோடி கையிருப்புள்ளவர் 120 கோடிக்கு எங்கே போவார்? லாபத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும், அல்லது புதுப் பங்கு வெளியிட வேண்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

குறிப்பிலுள்ள தொகை உயிர் பெற்று எழுவதும் உண்டு. தொலைபேசிக் கம்பெனிகள் சர்க்காருக்குச் செலுத்தும் லைசென்ஸ் கட்டணத்தைக் கணக்கிடும்போது, வட்டி, வாடகை போன்ற வரும்படிகளையும் சேர்க்க வேண்டுமா என்ற வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. கம்பெனிகளின் குறிப்புகளிலும் அது இடம் பெற்றே வந்தது. 2019 அக்டோபர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் செப்டம்பரில் முடிந்த காலாண்டின் கணக்கிலேயே பாரதி ஏர்டெல் 28,450 கோடி ரூபாய் ஒதுக்க நேர்ந்தது. வோடபோன் ஐடியாவின் நஷ்டம் 50,000 கோடியைத் தாண்டியது. அசலைக் காட்டிலும் வட்டியும் அபராதமும் அபராதத்தின் மேல் வட்டியுமே பெரும் பகுதி.

ஆகையால் குறிப்பைப் படிக்கையில், காட்டிய தொகையில் வட்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்ற வருஷத் தொகை பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அதிலிருந்து ஒரு வழக்கு மறைந்திருந்தால், அது வென்று மறைந்ததா, ஒதுக்கீடாக மாறி ஐந்தொகைக்குள் நுழைந்ததா என்று தேடுங்கள். "தொகையை மதிப்பிட இயலாது" என்ற வாசகம் இருந்தால், அங்கே பூஜ்யம் என்று பொருள் கொள்ளாதீர்கள்.