'மன்னிக்கவும்' எத்தனை முறை?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வாய்ஸ் அசிஸ்டன்ட் பண்ற டீம்கள் நம்ம காலேஜ்ல வருஷா வருஷம் இருக்கு. டெமோவில் எல்லாம் சரியாகப் போகும்போது அது பேசும் தமிழ் நல்லாவே இருக்கும். தப்பாகும் இடத்தில் மட்டும் எல்லா டீமுக்கும் ஒரே வசனம்: "மன்னிக்கவும், தங்களின் கோரிக்கையை என்னால் புரிந்துகொள்ள இயலவில்லை. தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்."

வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. 6, 7 விநாடி ஆகும். இதில் பயனருக்கு உதவும் தகவல் ஒண்ணுகூட இல்லை. திரையில் இருந்தால் கண் தாண்டிப் போயிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது, முழுசா கேட்டே ஆகணும். மூணு தடவை வந்தால் 20 விநாடி வெறும் மன்னிப்பு!

மரியாதைக்காகத்தான் இந்த நீளம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கு. "எந்த ஊருக்கு, சொல்லுங்க" என்பதில் 'தயவுசெய்து' இல்லை. ஆனால் 'ங்க' இருக்கு, அது போதும். அதனால் சுருக்கமாகப் பேசினாலே மரியாதை போயிடும்னு பயப்பட வேண்டியதில்லை.

அடுத்த பிரச்சினை, எல்லாத் தப்புக்கும் ஒரே பதில். உண்மையில் தப்பு மூணு வகை: பயனர் பேசவே இல்லை, பேசினார், புரியலை, புரிஞ்சுது, ஆனால் சர்வர் கைவிட்டது. போன் வழிச் சேவைகளுக்கான VoiceXML 2.0 வெளியானது 2004இல். அதிலேயே இந்த மூணுக்கும் `noinput`, `nomatch`, `error` என்று தனித்தனி இடம் உண்டு. எத்தனையாவது தடவை என்று எண்ண `count` கூட இருக்கு.

போனில் பஸ் டிக்கெட் எடுக்கும் ஒரு அசிஸ்டன்ட்டை எடுத்துக்குவோம். பயனர் சொல்கிறார்: "நாளைக்கு திருச்சிக்கு ரெண்டு சீட்." நாளும் எண்ணிக்கையும் பிடிபட்டது, ஊர் பிடிபடலை. இங்கே "மீண்டும் முயற்சிக்கவும்" என்றால் மனுஷன் முழு வாக்கியத்தையும் சத்தமாக, இழுத்து இழுத்துச் சொல்வார். அப்படிப் பேசினால் மெஷினுக்கு இன்னும் கஷ்டம், ஏன்னா அது பழகினது இயல்பான பேச்சில். எனவே புரிஞ்சதைச் சொல்லிட்டு, புரியாததை மட்டும் கேட்கணும். அடுத்தடுத்த தடவையில் கேள்வி இன்னும் எளிதாகணும்:

```xml
<nomatch count="1">நாளைக்கு ரெண்டு சீட். எந்த ஊருக்கு?</nomatch>
<nomatch count="2">ஊர் பேரை மட்டும் சொல்லுங்க. மதுரை, சேலம் மாதிரி.</nomatch>
<nomatch count="3">ஊழியர்கிட்ட இணைக்கிறேன். லைன்ல இருங்க.</nomatch>
```

மூணுக்கு மேல் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. ஊழியருக்கு இணைக்க வழி இல்லையென்றால் "திருச்சிக்கு 1 அழுத்துங்க" என்று பட்டனுக்குப் போகலாம்.

புரியாததைவிட ஆபத்து, தப்பாகப் புரிஞ்சுக்கிட்டது. 'நாளைக்கு' என்பது 'நாலு' என்று காதில் விழலாம். "நாலாம் தேதி, சரியா?" என்று கேட்டால் "இல்ல, நாளைக்கு" என்பார். இந்த 'இல்ல'வை மட்டும் பிடிச்சுக்கிட்டு முதல் கேள்விக்குத் திரும்பும் ப்ரோக்ராம்கள் நிறைய. கூடவே வந்த திருத்தத்தையும் எடுத்து, "சரி, நாளைக்கு" என்று நகரணும். "நீங்க தவறாகச் சொன்னீர்கள்" மாதிரி பழி எங்கேயும் வரக்கூடாது.

மூணாவது வகையில், அதாவது சர்வர் தப்பில், "திரும்பச் சொல்லுங்க" என்பது கிட்டத்தட்ட பொய். பத்துத் தடவை சொன்னாலும் பயன் இல்லை. உண்மையான மன்னிப்புக்கு இடம் இங்கேதான், அதுவும் ஒரே தடவை: "மன்னிச்சிடுங்க, டிக்கெட் போட முடியலை. பணம் எடுக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க." நடுவில் இருக்கும் வாக்கியம்தான் பயனருக்கு முக்கியம். பணம் போகலைன்னு கோட் உறுதி பண்ணின பிறகு மட்டும் அதைச் சொல்லணும்.

ஒரு எச்சரிக்கை. சுருக்கம் என்று வெறும் "புரியலை"யோடு நிறுத்தினால் அது முகத்தில் அடிச்ச மாதிரி இருக்கும். ஒவ்வொரு பதிலும் அடுத்து என்ன செய்யணும் என்பதில் முடியணும். பேச்சுத் தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கலும் உண்டு: சில குரல் எஞ்சின்கள் எழுத்துத் தமிழிலேயே பழகியவை, 'கெடைக்கலை' போன்ற சொற்களை விநோதமாக உச்சரிக்கும். ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுப் பார்த்து, இடறும் சொல்லை மாத்திடுங்க.

ரிவ்யூவில் எல்லாரும் காட்டுவது சரியாக வேலை செய்யும் டெமோ. பேனல் ஒரு தடவை பேசாமல் இருந்து பார்க்கட்டும், ஒரு தடவை இருமிப் பார்க்கட்டும், ஒரு தடவை நெட்டைத் துண்டிச்சுப் பார்க்கட்டும். மூணுக்கும் ஒரே பதில் வந்தால், மார்க்கைக் குறைக்கலாம்!