தேக்காவில் காணொளி எடுத்துப் பிழைக்கலாமா? ஜூலை மாதத்துக் கணக்கைப் பாருங்கள்

2020ஆம் ஆண்டு ஜூன் 29. இந்திய அரசாங்கம் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அப்போது இந்தியாவில் ஏறக்குறைய 200 மில்லியன் பேர் டிக்டாக்கைப் பயன்படுத்தி வந்ததாகக் கூறப்பட்டது.

சிங்கப்பூரில் அந்தச் செயலிக்குத் தடை இல்லை. ஆனால் தமிழ்க் காணொளிகளை அதிகம் பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில். தேக்காவில் நின்றுகொண்டு தமிழில் காணொளி போட்டவர்களுக்கும் அந்தக் கூட்டம் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போச்சு.

காணொளி எடுப்பதை முழுநேர வேலையாக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? அப்படியென்றால் அந்தத் தடைக்குப் பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

கூட்டம் வந்தது, காசு வரவில்லை

தடை வந்த சில நாளிலேயே இன்ஸ்டகிராம் தனது ரீல்ஸ் வசதியை இந்தியாவில் அறிமுகம் செய்தது. செப்டம்பரில் யூடியூப், ஷார்ட்ஸ் வசதியை முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. பார்வையாளர்கள் விறுவிறுவென்று அங்கே மாறினார்கள்.

ஆனால் ஷார்ட்ஸ் காணொளிகளுக்கான விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கும் திட்டம் நடப்புக்கு வந்தது 2023 பிப்ரவரி 1ஆம் தேதி. கூட்டம் வந்து இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆன பிறகுதான் அந்தப் பங்கு வந்தது. இடையில் யூடியூப் ஒரு தனி நிதியிலிருந்து சிலருக்குப் பணம் கொடுத்தது. யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தது யூடியூப்தான்.

ஆக, தளம் மாறும்போது பார்வையாளர்கள் சீக்கிரம் வந்துவிடலாம். வருமானம் அதே வேகத்தில் வராது. அந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியக் கேள்வி.

விளம்பரப் பங்கை மட்டும் நம்பலாமா?

யூடியூப்பில் விளம்பர வருமானம் பெற, குறைந்தது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரம் உங்கள் காணொளிகளை மக்கள் பார்த்திருக்கவேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் காணொளிகள் 10 மில்லியன் பார்வைகளைத் தொட்டிருக்கவேண்டும். அதன் பிறகு நீளமான காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு வரும். ஷார்ட்ஸ் என்றால், உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடு.

ஒரு கணக்குக்காக, எல்லாக் கழிவும் போக 1,000 பார்வைக்கு 2 வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 வெள்ளி வேண்டுமென்றால் 1.5 மில்லியன் பார்வைகள் தேவை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் சுமார் 2.5 விழுக்காட்டினர்தான். உள்ளூர்த் தமிழ்ப் பார்வையாளர்களை மட்டும் வைத்து மாதாமாதம் அந்த எண்ணிக்கையைத் தொடுவது ரொம்பக் கஷ்டம்.

அதனால் இங்கே தமிழில் காணொளி எடுப்பவருக்கு நம்பகமான வருமானம் கடைகளும் நிறுவனங்களும் கொடுக்கும் வேலையிலிருந்து வர வாய்ப்பு அதிகம். சிராங்கூன் சாலை நகைக்கடை, தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் துணிக்கடை, விருந்துக்குச் சமைத்துத் தரும் உணவகம். இவர்களுக்கு லட்சக்கணக்கான பார்வை தேவையில்லை. கடைக்கு ஆள் வந்தால் போதும்.

ஆனால் இந்த வேலைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது பண்டிகைக் காலத்தை ஒட்டித்தான் வரும்.

சராசரி உங்களை ஏமாற்றிவிடும்

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு வயது 28. ஆண்டு வருமானம் 46,000 வெள்ளி. கருவி, மென்பொருள், போக்குவரத்து என்று தொழில் செலவு 10,000 வெள்ளி. மிச்சம் 36,000. மாதத்துக்கு 3,000 வெள்ளி. கேட்க நல்லாத்தான் இருக்கு.

இப்போது மாதவாரியாகப் பாருங்கள். பொங்கலை ஒட்டி ஜனவரியில் 5,000 வெள்ளி வருகிறது. பிப்ரவரியில் 1,500. மார்ச்சில் 2,000, ஏப்ரலில் 3,000, மே மாதம் 2,000, ஜூனில் 3,000, ஜூலையில் 2,500. தீபாவளி நெருங்கும்போது ஆகஸ்ட்டில் 4,000, செப்டம்பரில் 7,000, அக்டோபரில் 9,500. நவம்பரில் 4,500, டிசம்பரில் 2,000. ஆண்டு வருமானத்தில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மூன்றே மாதத்தில் வந்துவிடுகிறது.

நீங்கள் உங்களுக்கே மாதம் 2,400 வெள்ளி சம்பளம் எடுத்துக்கொள்கிறீர்கள். தொழில் செலவு மாதம் 833 வெள்ளி. வரும் காசில் 10 விழுக்காட்டை வரிக்கும் மெடிசேவுக்கும் தனியாக ஒதுக்குகிறீர்கள்.

சேமிப்பு எதுவும் இல்லாமல் ஜனவரியில் தொடங்கினால் பிப்ரவரியிலேயே கையில் காசு தீர்ந்துவிடும். ஜூலை முடியும்போது சுமார் 5,500 வெள்ளி பள்ளம். அக்டோபரில்தான் பள்ளம் நிரம்பும். டிசம்பர் இறுதியில் 2,600 வெள்ளி மிச்சம் இருக்கும். ஆண்டுக் கணக்கில் லாபம்தான். ஆனால் ஜூலையில் வாடகை கட்டக் காசு இருக்காது.

அதனால் வேலையை விடுவதற்கு முன்னால் சராசரி வருமானத்தைப் பார்க்காதீர்கள். பள்ளம் எந்த மாதத்தில் ஆக ஆழமாகப் போகிறது என்று பாருங்கள். உங்களுடைய கடந்த 12 மாத வரவை ஒரு தாளில் எழுதி, மாதாமாதம் கழித்துக்கொண்டே வந்தால் அது தெரிந்துவிடும். அந்தத் தொகைதான் உங்கள் கையில் முதலில் இருக்கவேண்டிய சேமிப்பு.

காசு தாமதமாக வந்தால்?

மேலே உள்ள கணக்கில் வேலை முடிந்த மாதமே பணம் வந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படி நடப்பது குறைவு. 30 நாள், 60 நாள் கழித்துப் பணம் கொடுப்பது சாதாரணம். ஆகஸ்ட், செப்டம்பர் வேலைக்கான காசு அக்டோபரில்தான் வருகிறது என்றால், செப்டம்பர் இறுதியில் பள்ளம் சுமார் 12,000 வெள்ளி ஆகிவிடும். அதே வேலை, அதே ஆண்டு வருமானம். இரண்டு மாதத் தாமதம் தேவையான சேமிப்பை இரண்டு மடங்காக்கிவிடுகிறது.

இதைக் குறைக்கப் பேச்சுவார்த்தையிலேயே வழி இருக்கிறது. படம் பிடிக்கும் முன் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். மீதியை எந்தத் தேதிக்குள் தரவேண்டும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். கடைக்காரர் தெரிந்த அண்ணனாக இருந்தாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். "அண்ணே, நீங்க சொன்னபடி 800 வெள்ளி, பாதி இன்றைக்கு, மீதி காணொளி கொடுத்த 14 நாளில். சரிதானே?" என்று கேட்டு அவர் சரி என்று பதில் போட்டால், பின்னால் காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.

அப்படியும் பணம் வராவிட்டால், சுயதொழில் செய்வோர் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் சமரசப் பேச்சுக்கு உதவி கேட்கலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்யவேண்டும்.

சம்பளச் சீட்டில் இருந்தது இப்போது இல்லை

மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் 28 வயது ஊழியருக்கு, முதலாளி அதற்குமேல் 17 விழுக்காட்டை மத்திய சேமநிதியில் போடுகிறார். ஆண்டுக்கு 6,120 வெள்ளி. உங்கள் 3,000 வெள்ளியில் அது இல்லை.

மாறாக, ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் நீங்களே மெடிசேவில் பணம் போடவேண்டும். மேலே சொன்ன 36,000 வெள்ளிக்கு, 35 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 8 விழுக்காடு, அதாவது 2,880 வெள்ளி. வருமான வரி அவ்வளவு பெரிய சுமை இல்லை. வழக்கமான கழிவுகள் போக 300 வெள்ளிக்குள் அடங்கிவிடும். பிரச்சினை தொகையில் இல்லை, அது வரும் நேரத்தில்தான். இந்த ஆண்டு சம்பாதித்ததற்கான கணக்கை அடுத்த ஆண்டு ஏப்ரலில் சமர்ப்பிக்கிறீர்கள். நோட்டீஸ் அதற்குப் பிறகு வரும். அதற்குள் காசு செலவாகி இருக்கும். 10 விழுக்காட்டை அவ்வப்போதே வேறு வங்கிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னது இதனால்தான்.

இன்னும் இரண்டு விஷயம். காணொளிக்குக் கூலியாக ஒரு கடை பொருளோ சேவையோ கொடுத்தால், அதன் மதிப்பையும் உள்நாட்டு வருவாய் ஆணையம் வருமானமாகவே பார்க்கிறது. அடுத்து, அமெரிக்காவில் உள்ள தமிழர்கள் உங்கள் யூடியூப் காணொளியைப் பார்த்தால், அந்தப் பார்வைகளால் வரும் வருமானத்தில் அமெரிக்க வரி பிடிக்கப்படும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு இல்லாததால் அது 30 விழுக்காடு. W-8BEN படிவத்தை நிரப்பாமல் விட்டால், மற்ற நாட்டுப் பார்வைகளால் வரும் வருமானத்திலும் கை வைத்துவிடுவார்கள்.

தளம் போனாலும் எது மிஞ்சும்?

மறுபடியும் 2020க்குப் போவோம். டிக்டாக் போனபோது அதோடு போனவை: பின்தொடர்ந்தவர்கள், செயலிக்குள் கிடைத்த பாட்டு, செயலிக்குள்ளேயே செய்த எடிட்டிங். மூலக் கோப்புகளைக் கைப்பேசியில் வைத்திருந்தவர்கள் அதே காணொளியை வேறு தளத்தில் போட முடிந்தது. டிக்டாக்கிலிருந்து இறக்கியதை அப்படியே ரீல்ஸில் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. மற்றொரு செயலியின் முத்திரை தெரியும் காணொளிகளைக் குறைவாகவே பரிந்துரைக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் இன்ஸ்டகிராம் கூறிவிட்டது.

எனவே செயலிக்கு வெளியே எடிட் செய்யப் பழகுங்கள். முத்திரை, எழுத்து, பாட்டு இல்லாத ஒரு பிரதியைத் தனியாகச் சேமியுங்கள். வசன வரிகளையும் தனிக் கோப்பாக வையுங்கள்.

விற்கக்கூடிய திறனும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு நகைக்கடைக்குக் கைப்பேசிக்கான நெட்டுக்குத்தான காணொளி வேண்டும். கடைக்குள் இருக்கும் திரைக்கு அகலமான காணொளி வேண்டும். வாடிக்கையாளரில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரண்டு வடிவத்துக்கும் வெட்ட இடம்விட்டுப் படம் பிடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் வசன வரி போட்டுக் கொடுப்பவர், எந்தச் செயலி வந்தாலும் போனாலும் அந்தக் கடைக்குத் தேவைப்படுவார்.

அடுத்தது ஒலி. தேக்கா சந்தையில் கைப்பேசி மைக்கை மட்டும் நம்பினால் பேச்சைவிட மீன் வெட்டும் சத்தம்தான் அதிகம் கேட்கும். சட்டையில் குத்தும் சிறிய மைக்கைப் பயன்படுத்துங்கள். யாரும் பேசாமல் இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடி தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டு விழும் இடங்களை மறைக்க அது உதவும். முடித்ததும் ஹெட்ஃபோன் இல்லாமல் கைப்பேசி ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பேசுவது புரியவில்லை என்றால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கு வேலை கொடுத்தவர்களின் பெயர், தொலைபேசி எண், எப்போது என்ன எடுத்தீர்கள் என்பதை ஒரு பட்டியலாக வைத்திருங்கள். நாளைக்கே உங்கள் கணக்கு முடங்கினால், அந்தப் பட்டியலில் எத்தனை பேர் அடுத்த மாதம் உங்களுக்கு வேலை தருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் தரும் காசு ஜூலைப் பள்ளத்தை மூடும் அளவுக்கு வராவிட்டால், இப்போதைக்குச் சம்பள வேலையை விடவேண்டாம்.