அதிகாலை நாலரை மணிக்கு வருகிறவர்களுக்கு அறை உண்டா?

திருக்கோயில் விடுதி ஒன்றின் செயல் அலுவலருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் திருக்கோயில் விடுதியில் அறை எடுக்க இணையப் படிவம் வந்ததிலிருந்து, எங்கள் தெருவில் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு நான்தான் நிரப்பித் தருகிறேன். நேரில் வந்து வரிசையில் நின்று, அறை இல்லையென்று திரும்பிய காலம் போனதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. கோயிலின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரியான படிவத்தை வேறு ஊர்களிலும் பார்க்கிறேன். அங்குள்ள அலுவலர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே படிக்கட்டும்.

சமீபத்தில் எங்கள் தெருவிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்தைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், எழுபது கடந்த மாமியார், மாமியாரின் தங்கை. வெள்ளி இரவு எழும்பூரில் ரயில் ஏறினால் சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு இறங்குவார்கள். குளித்து, காலை தரிசனம் முடித்து, சற்றுப் படுத்து எழுந்து, மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு அறை தேவைப்படுவது ஏறக்குறைய 13 மணி நேரம்.

படிவம் முதலில் தங்கும் நாளைக் கேட்கிறது, பிறகு வருகை நேரத்தைக் கேட்கிறது. தங்கள் விடுதியில் நாள் என்பது மதியம் 12 முதல் மறுநாள் மதியம் 12 வரை. சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் அறை மதியம்தான் கிடைக்கும். ஏழரை மணி நேரம் மாமியார் பெட்டியோடு வாசல் திண்ணையில் உட்கார வேண்டும். அவர்கள் வந்ததே குளித்துவிட்டுக் காலையில் சாமி பார்க்கத்தான். ஆகவே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறோம். வருகை நேரம் என்ற கட்டத்தில் 4.30 AM என்று போட்டால், படிவம் அதை வெள்ளிக்கிழமை அதிகாலை என்று எடுத்துக்கொண்டு, அறை தொடங்குவதற்கு முந்தைய நேரம் என்று மறுத்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு நேரம் மட்டும்தான் தெரியும். அது எந்த நாளின் நேரம் என்று கேட்கத் தெரியாது.

வழியில்லாமல் ஆட்கள் இரவு 8 மணி என்று பொய் போடுகிறார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் இரவு 10 மணிக்கு மேல் அறையை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது தங்கள் விதி. அந்த விதி நியாயமானதுதான். வராதவருக்காக அறையைப் பூட்டி வைத்தால், வாசலில் குழந்தையோடு நிற்கிறவர் என்ன செய்வார்? ஆனால் நியாயமான அந்த விதியே இந்தக் குடும்பத்தைத் தண்டித்தது. அவர்கள் நாலரைக்கு வந்து நின்றபோது அறையில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பணமும் திரும்பாது என்றார்கள். முகப்பில் இருந்த ஊழியர் மேல் குறையில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையில் ‘வரவில்லை’ என்றுதான் இருந்தது.

இதைச் சரிசெய்யப் புதிய கட்டடம் தேவையில்லை. நாளையும் நேரத்தையும் பிரிக்காமல், எந்த நாள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று சேர்த்தே கேளுங்கள். எந்த நாள் வாடகை பொருந்தும் என்பதைக் கணினி கணக்கிட்டுச் சொல்லட்டும். AM, PM என்பதோடு நிற்காமல் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்ற சொற்களையும் போடுங்கள். நள்ளிரவு 12.15-க்கு இறங்குகிறவர் AM போடுவதா PM போடுவதா என்று தடுமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்; சரியாகப் போட்டாலும் நாளைத் தவறவிடுகிறார். கடைசியில் பணம் கட்டும் முன் ஒரு வரி வரட்டும்: “நீங்கள் சனிக்கிழமை அதிகாலை 4.30-க்கு, அதாவது வெள்ளி இரவு கழிந்து விடியும் முன், வருகிறீர்கள். அதுவரை அறை உங்களுக்காகக் காத்திருக்கும்.” இந்த ஒரு வரியைப் படித்தால் எங்கள் தெருவில் யாரும் தவறு செய்ய மாட்டார்கள்.

மதியம் 12 என்ற கணக்கு எதற்கென்று எனக்குத் தெரியும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியானால்தான் இருக்கிற சில துப்புரவுப் பணியாளர்களை வைத்துப் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்ற முடியும். ஆளுக்கொரு நேரத்தில் காலி செய்தால் அவர்கள் பகலெல்லாம் ஓடவேண்டியிருக்கும். ஆகவே எல்லா அறைகளையும் மாற்றச் சொல்லவில்லை. இரவு ரயிலிலும் பேருந்திலும் வருகிறவர்கள் அதிகமுள்ள ஊர் இது. சில அறைகளையாவது நுழைந்த நேரத்திலிருந்து 12 மணி நேரம், 24 மணி நேரம் என்ற கணக்கில் விடுங்கள். ரயில் நிலைய ஓய்வறைகளை அப்படி விடுகிறார்கள்.

அடுத்து, பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? முதலெழுத்தைப் போட்டால் ஓரெழுத்து போதாது என்கிறது, புள்ளி வைத்தால் செல்லாது என்கிறது. தகப்பன் பெயரை முழுதாக எழுதினால் படிவம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முகப்பில் அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது, அட்டையில் முதலெழுத்து மட்டும் இருப்பதால் ஆள் வேறோ என்ற கேள்வி வருகிறது. ‘அட்டையில் உள்ளபடி பெயர்’ என்று ஒரே கட்டம் போதும். முன்பதிவு செய்கிறவரும் தங்குகிறவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற விதியும் இடைத்தரகரைத் தடுக்க வந்தது என்று புரிகிறது. ஆனால் ஊரில் இருக்கும் பெற்றோருக்காக வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை பதிவு செய்வது இயல்பு. பதிவு செய்கிறவருக்கு ஒரு கட்டம், தங்குகிறவர்களில் பொறுப்பானவருக்கு ஒரு கட்டம் என்று வைத்து, வரும்போது பொறுப்பானவரின் அட்டையைப் பார்த்தால் தரகருக்கும் இடமிருக்காது.

அடையாளச் சான்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒவ்வொருவரின் ஆதார் எண்ணையும் கேட்டு, அட்டையின் படத்தையும் ஏற்றச் சொல்கிறீர்கள். படம் 200 கேபிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் சாதாரணமாகவே அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். அதைச் சுருக்கத் தெரியாதவர் என்ன செய்கிறார்? பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரையும் அனுப்புகிறார். அவை அந்தக் கடையின் கணினியிலும் கைபேசியிலும் அப்படியே தங்கிவிடுகின்றன. தங்கள் சேமிப்பகத்தைத் தாங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், அந்த 200 கேபி வரம்பே ஆவணங்களைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறது.

தங்குகிறவர் யாரென்று பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு அட்டையின் வகையும் எண்ணின் கடைசி 4 இலக்கங்களும் படிவத்தில் போதும். அசல் அட்டையை முகப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆதார் ஆணையமே முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரைத் தன் தளத்தில் தருகிறது. அதைப் பதிவிறக்க, ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபி வேண்டும். அந்த மாமியாரைப் போன்ற பலருக்கு அந்த இணைப்பு இல்லை. அதனால்தான் ஏற்றச் சொல்லாமல் நேரில் பாருங்கள் என்கிறேன். தேவைக்கு மேல் தகவல் கேட்கக் கூடாது, தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதுதான் 2023-இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும்.

மாமியாரின் தங்கை இலங்கையில் ஹட்டனில் இருக்கிறவர். குடும்பத்தில் பாதிப் பேர் தாயகம் திரும்ப, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. படிவம் 12 இலக்கங்களைத் தவிர எதையும் வாங்கவில்லை. கடைசியில் அவர் பெயரை விட்டுவிட்டு நான்கு பேருக்குப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது விடுதியின் கடமை. அந்தக் கடமைக்கு வேண்டிய தகவலை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டிய படிவமே அவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. கடவுச்சீட்டு எண்ணில் எழுத்தும் வரும் என்பதை ஏற்கும் ஒரு கட்டம் வைத்தால் போதும்.

முன்பணம் கட்டும்போதுதான் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. யுபிஐயில் ரகசிய எண்ணைப் போட்டதும் கணக்கில் பணம் கழிந்துவிடுகிறது. திரும்பி வந்தால் ‘நேரம் முடிந்தது’ என்கிறது தங்கள் பக்கம். ரசீது இல்லை. அறை போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி கட்டுகிறார்கள். அறை கிடைக்கிறது, ஆனால் பணம் இருமுறை போயிருக்கிறது.

இந்தப் பணம் வங்கி, பணம் பெற்றுத்தரும் இடைநிறுவனம், தங்கள் மென்பொருள் என மூன்று கை மாறுகிறது. பணம் வந்த செய்தியைத் தங்கள் மென்பொருள் பயனரின் திரை திரும்பி வருவதை வைத்தே அறிகிறது என்று நினைக்கிறேன். வழியில் சிக்னல் போனாலோ, பக்கத்தை மூடினாலோ செய்தி வந்து சேராது. இடைநிறுவனத்தின் கணினி தங்கள் கணினிக்கு நேரடியாகச் சொல்லும் வசதி உண்டு. அதை இயக்கச் சொல்லுங்கள். அறையை விடுவிக்கும் முன் ‘இந்தப் பணம் வந்ததா’ என்று ஒருமுறை கேட்கட்டும். பதில் வரும்வரை, ‘மீண்டும் கட்ட வேண்டாம், பத்து நிமிடம் பொறுங்கள்’ என்று திரையில் வரட்டும்.

வணிகரிடம் உறுதி வந்து சேராத யுபிஐ பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. ஆனால் வங்கியில் கேட்டால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். விடுதியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். வங்கித் தகவலில் வரும் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் கொண்டு தேட ஒருவரை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணைப் படிவத்தின் தலையிலேயே போடுங்கள். அந்த எண் இல்லாததால் ஆட்கள் இணையத்தில் தேடுகிறார்கள். முதலில் கிடைப்பது மோசடிக்காரரின் எண்ணாகவும் இருக்கலாம். யாத்திரிகர்களைக் குறிவைக்கும் போலி முன்பதிவுத் தளங்களைப் பற்றி இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. ஏமாந்தவர்கள் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் சேர்த்தே போடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால், வருகை நேரக் கட்டத்தை முதலில் மாற்றுங்கள். வரும் ஆடி மாதக் கூட்டத்துக்கு முன் அதைச் செய்து தரும்படி, அதிகாலை ரயிலில் வந்து இறங்கும் எல்லோர் சார்பாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விடுதிக்குப் படிவம் நிரப்பித் தரும் ஒருவர்